எதிலிருந்து எதைக் கழிப்பது?
(பெரம்பலூரில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்கெழுதிப் பிழைக்கிறவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். அதனால் இன்று ஒரே ஒரு கணக்குதான். அதையும் கரும்பலகையில் போட்டே முடித்துவிடலாம். பழைய மெஷினைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கலாமா, கூடாதா? இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். ஒன்று, "சார், இன்னும் நல்லாத்தானே ஓடுது?" மற்றொன்று, "சார், கம்பெனிக்காரர் ரெண்டே வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்னு சொல்றார்." இரண்டு வாக்கியங்களுமே பதிலுக்கு உதவாதவை. ஏன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பெரம்பலூர் மண்ணுக்கேற்ற தொழிலாக எடுத்துக்கொள்வோம். இங்கே மக்காச்சோளம் விளைகிறது. அதை அரைத்துத் தீவனம் செய்கிற ஆலைகளும் இருக்கின்றன. அப்படி ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எண்களும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவைதான். உங்கள் ஆலையின் எண்களை அந்த இடத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆலையில் ஒரு சுத்தி அரவை மெஷின் இருக்கிறது. உள்ளே சுழலும் இரும்புத் தகடுகள் சோளத்தை அடித்து உடைக்கும், உடைந்தது சல்லடை வழியாகக் கீழே இறங்கும். 6 வருடங்களுக்கு முன் 10 லட்சத்துக்கு வாங்கியது. நாளைக்கு 10 டன், வருடத்துக்கு 300 நாள், ஆக 3,000 டன் அரைக்கிறது. இன்னும் 5 வருடம் தாராளமாக ஓடும். இன்று விற்றால் ஒன்றரை லட்சம் கிடைக்கும். 5 வருடம் கழித்து எடைக்குப் போட்டால் 50 ஆயிரம்.

புதிய மெஷினுக்கு அடித்தளம், மின்பலகை, தூசிபிடிக்கும் பை வடிகட்டி எல்லாம் சேர்த்து 12 லட்சம். கால்நடைத் தீவனத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. விற்பனையில் வரி வசூலிக்காதவர் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் ஜிஎஸ்டியையும் சேர்த்துத்தான் 12 லட்சம் என்கிறேன். வரியைத் தவிர்த்த விலையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பில் வந்தபிறகு விழித்தவர்கள் உண்டு.

விற்க வந்தவர் காட்டிய தாளில் நான்கு மிச்சங்கள் இருந்தன. பழையது டன்னுக்கு 14 யூனிட் மின்சாரம் இழுக்கிறது, புதியதுக்கு 9 போதும். 3,000 டன்னுக்கு 15,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். பழுதுபார்க்கும் செலவு 1 லட்சத்து 30 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரமாகக் குறையும். மிச்சம் 80 ஆயிரம். தூசியாகப் பறந்துபோகும் மாவு நூற்றுக்கு 0.2 பங்கு குறையும். வருடத்துக்கு 6 டன், டன் 22,000 ரூபாய் வீதம் 1 லட்சத்து 32 ஆயிரம். கடைசியாக ஓர் ஆள் கூலி, மாதம் 15,000 வீதம் 1 லட்சத்து 80 ஆயிரம். கூட்டினால் 5 லட்சத்து 12 ஆயிரம். பழையதை விற்ற பணம் போகக் கையிலிருந்து போடுவது பத்தரை லட்சம். ஆக, இரண்டே வருடம்!

இந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம்; திருத்தினால் போதும்.

முதலில் அந்த ஆள் கூலி. முதலாளியிடம் "அந்த ஆளை நிறுத்தப்போகிறீர்களா?" என்று கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எப்படி சார், பதினைஞ்சு வருஷமா இருக்காரு, மூட்டை பிடிக்கிற பக்கம் போட்டுக்குவேன்" என்பார். நல்ல மனிதர். ஆனால் சம்பளம் நிற்கவில்லை, மூட்டைப் பக்கம் வேறு ஆளை எடுக்கவேண்டிய தேவையும் இல்லை. அப்படியானால் இந்த 1 லட்சத்து 80 ஆயிரம் தாளில் மட்டும் மிஞ்சுகிற பணம். நம் கணக்கில் இடம் பெறுவது ஒன்றே ஒன்று: புதியதை வாங்கினால் கல்லாவில் நடக்கப்போவதற்கும் வாங்காவிட்டால் நடக்கப்போவதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டு வழியிலும் ஒரே மாதிரி நடப்பது எதுவாக இருந்தாலும், எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும், அது வெளியே. கூலியை எடுத்துவிட்டால் மிச்சம் 3 லட்சத்து 32 ஆயிரம்.

அடுத்தது முதலாளியின் மனத்தில் இருக்கும் கணக்கு. புத்தகத்தில் அந்தப் பழைய மெஷினின் மதிப்பு, வருடம் 15 சதவீதத் தேய்மானம் போக, சுமார் 3 லட்சத்து 77 ஆயிரம். ஒன்றரை லட்சத்துக்கு விற்றால் 2 லட்சத்து 27 ஆயிரம் நஷ்டம் என்று அவர் கை நடுங்குகிறது. ஆனால் அந்தப் பணம் 6 வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. விற்றாலும் போனதுதான், விற்காவிட்டாலும் போனதுதான். இரண்டு வழிக்கும் பொதுவானதால் இதுவும் வெளியே. ஆயுத பூஜைக்கு அப்பா காலத்திலிருந்து பொட்டு வைத்துவரும் மெஷின் என்றால் மனம் கேட்காது, அது வேறு. அதை எண்ணாக மாற்றிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மாறாக, பழையதுக்கு ஒரு விலை உண்டு, அது ஏட்டில் ஏறுவதில்லை. வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தால், இன்று கிடைத்திருக்கக்கூடிய ஒன்றரை லட்சத்தை விட்டுக்கொடுக்கிறோம். "அது சொந்த மெஷின், செலவே இல்லை" என்பது தவறு. விற்காமல் வைத்திருக்கிற ஒவ்வொரு மெஷினையும் இன்றைய விலைக்கு நாமே மறுபடி வாங்கிக்கொண்டதாகத்தான் பொருள்.

இங்கே வருமான வரிபற்றி ஒரு சொல். வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்காக. வெளிநாட்டுப் பாடநூல்களைப் பார்த்துப் போடப்பட்ட கணக்குகளில், பழைய மெஷினை ஏட்டு மதிப்புக்குக் கீழே விற்றால் அந்த நஷ்டத்துக்கு அந்த வருடமே வரி குறையும் என்று ஒரு வரி வரும். நம் நாட்டில் பொதுவாக அப்படி நடக்காது. 1988 முதல் இங்கே தேய்மானம் தனித்தனி மெஷினுக்கு இல்லை, ஒரே விகிதத்தில் தேயும் சொத்துகளின் தொகுதி முழுவதற்கும் சேர்த்துத்தான். பழையதை விற்றால், விற்ற தொகை அந்தத் தொகுதியிலிருந்து கழியும், புதியதன் விலை அதில் சேரும், அவ்வளவே. தொகுதியில் வேறு சொத்து இருக்கும்வரை அந்த 2 லட்சத்து 27 ஆயிரம் நஷ்டம் என்று தனியாக எங்கும் தலைகாட்டாது. நம் கணக்கில் தொகுதி கூடுவது 12 லட்சத்தில் ஒன்றரை போகப் பத்தரை லட்சம். அதன்மேல் வருடந்தோறும், குறைந்துகொண்டே வரும் மிச்சத்தில், 15 சதவீதம் கூடுதல் தேய்மானம். முதல் வருடம் 1 லட்சத்து 57 ஆயிரத்து 500. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு அதனால் மிச்சம் சுமார் 47 ஆயிரம். (வாங்கி 180 நாளுக்குக் குறைவாக ஓட்டினால் முதல் வருடம் பாதி விகிதம்தான், மார்ச்சில் வாங்கச் சொல்லி அவசரப்படுத்துகிறவரிடம் இதைக் கேளுங்கள்.)

இனிக் கூட்டலாம். வருட மிச்சம் 3 லட்சத்து 32 ஆயிரம். மிச்சம் என்றால் லாபம் கூடும், அதற்கும் வரி உண்டு; 30 சதவீதம் போக 2 லட்சத்து 32 ஆயிரம் நிற்கும். தேய்மானத்தால் மிஞ்சும் வரியைச் சேர்த்தால் முதல் வருடம் கைக்கு வருவது ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம். தேய்மானம் குறையக் குறைய அது மெல்ல இறங்கி ஐந்தாம் வருடம் 2 லட்சத்து 57 ஆயிரமாகிறது. ஐந்தாம் வருட முடிவில் புதியதை 4 லட்சத்துக்கு விற்கலாம் என்று வைப்போம். பழையதிலிருந்து வந்திருக்கக்கூடிய 50 ஆயிரத்தை இழந்திருக்கிறோம். வித்தியாசம் மூன்றரை லட்சம். வங்கிக் கடனும் சொந்தப் பணமும் கலந்து, பணத்தின் விலை 12 சதவீதம் என்று கொண்டு, இவை எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 11 லட்சத்து 67 ஆயிரம். போடுவது பத்தரை லட்சம். 1 லட்சத்து 17 ஆயிரம் மேலே நிற்கிறது. மாதத் தவணையை இதில் தனியாகக் கழிக்காதீர்கள். 12 சதவீதத்தில் வட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மறுபடி கழித்தால் ஒரே வட்டியை இரண்டு தடவை கட்டியது போலாகும்.

ஆக, வாங்கலாம். பெரும்பாலான பாடநூல்கள் இந்த இடத்தில் அடிக்கோடிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். நான் வந்ததே இதற்கு மேல் பேசத்தான்.

இந்த 1 லட்சத்து 17 ஆயிரம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். தூசி மிச்சம் மட்டும், வரி போக, 5 வருடத்துக்கு இன்றைய மதிப்பில் 3 லட்சத்து 33 ஆயிரம். அதை எடுத்துவிட்டால் மொத்தக் கணக்கும் 2 லட்சத்துக்கு மேல் கீழே போய்விடுகிறது. அதாவது, இந்த மெஷினைத் தூக்கி நிறுத்துவது மின்சாரமும் பழுதுச் செலவும் அல்ல, தூசிதான். அந்தத் தூசியைப் பிடிப்பது எது? அரவை மெஷினா? இல்லை, அதோடு வருகிற பை வடிகட்டி. பை வடிகட்டியைப் பழைய மெஷினுக்கும் மாட்டலாமே! தனியாக வாங்கினால் ஒன்றரை லட்சம் என்று வைப்போம்.

ஒன்றரை லட்சம் போட்டு அந்த 3 லட்சத்து 33 ஆயிரத்தைப் பெறுகிறோம், அதன் தேய்மானத்தால் கொஞ்சம் வரி மிச்சமும் உண்டு. நிகரமாக 2 லட்சத்துச் சொச்சம் மேலே நிற்கிறது. புதிய மெஷின் தந்தது 1 லட்சத்து 17 ஆயிரம். வடிகட்டி மாட்டிய பழைய மெஷினோடு ஒப்பிட்டால் புதிய மெஷின் சுமார் 85 ஆயிரம் ரூபாய் நஷ்டம்.

எந்த எண்ணும் மாறவில்லை. மின் கட்டணம் அதே, சோளம் விலை அதே, வட்டி அதே. மாறியது ஒன்றே: எதிலிருந்து கழித்தோம் என்பது. முதல் கணக்கில் புதிய மெஷினுக்கு எதிரில் நிறுத்தியது கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய மெஷினை. இரண்டாவது கணக்கில் நிறுத்தியது, அதற்குச் செய்யவேண்டியதைச் செய்த பழைய மெஷினை. விற்க வருகிறவர் எப்போதும் முதலாவதைத்தான் நிறுத்துவார். அது அவர் தொழில். இரண்டாவதை நிறுத்துவது நம் வேலை.

இதே கண்ணோடு அந்த 14 யூனிட்டையும் பாருங்கள். சுத்தித் தகட்டின் முனைகள் மழுங்கினால் அது சோளத்தை உடைப்பதற்குப் பதில் தேய்க்கும். மாவு சூடாக வெளியே வரும், மோட்டாரின் ஆம்பியர் ஏறும். கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். அந்தத் தகடுகளைத் திருப்பி மாட்டலாம். ஒரு முனை தேய்ந்தால் மறுமுனை, பிறகு தலைகீழாக. ஓட்டை பெரிதான சல்லடையை மாற்றலாம். திருப்பி மாட்டியபிறகு 14 யூனிட் 12 ஆகிறதென்றால், புதியதுக்கும் பழையதுக்கும் உள்ள வித்தியாசம் 5 அல்ல, 3. சோம்பலால் போன அந்த 2 யூனிட்டைப் புதிய மெஷினின் பெருமையாக எழுதக் கூடாது.

அப்படியானால் எல்லாப் பழைய மெஷினையும் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியதுதானா என்றால், இல்லை. பழுதுபார்த்துத் தீர்க்க முடியாத குறை ஒன்று உண்டு. அதற்கு அரியலூர்ப் பக்கம் திரும்பவேண்டும். கடல் இருந்த காலத்தில் படிந்த சுண்ணாம்புக்கல் அந்த மாவட்டத்தைச் சிமெண்ட் மாவட்டமாக்கியது. தமிழ்நாடு சிமெண்ட் கழகத்துக்கு இரண்டு ஆலைகள்: விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் 1970-ல் தொடங்கியது ஒன்று, அரியலூரில் 1979-ல் தொடங்கியது மற்றொன்று. ஆலங்குளம் ஈரமுறை ஆலையாகப் பிறந்தது. ஈரமுறை என்றால் கல்லையும் களிமண்ணையும் தண்ணீர் விட்டுக் குழம்பாக அரைத்து, அந்தக் குழம்பைச் சூளைக்குள் விடுவது. குழம்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிய பிறகுதான் கல் வேகவே தொடங்கும். ஒரு கிலோ கிளிங்கருக்கு 1,300 கிலோ கலோரி, அதற்கு மேலும் ஆகும். மாவை உலர்ந்தபடியே, சூளையிலிருந்து வரும் சூடான காற்றில் முன்கூட்டியே சூடேற்றி உள்ளே விடும் உலர்முறையில் 700, 800-க்குள் முடிந்துவிடும்.

இந்த வித்தியாசத்தை எந்தப் பழுதுவேலையாலும் குறைக்க முடியாது. சூளையின் உட்செங்கல்லை மாற்றலாம், உருளையை மாற்றலாம். குழம்பில் இருக்கும் தண்ணீர் தண்ணீர்தான். ஈரமுறைச் சூளையும் "நல்லாத்தான்" ஓடும், தேய்மானம் முழுதும் முடிந்து ஏட்டில் விலையே இல்லாமல்கூட ஓடும். ஆனால் ஒவ்வொரு டன்னிலும் நிலக்கரியை ஆவியாக விட்டுக்கொண்டே ஓடும். உலகம் முழுவதும் ஈரமுறைச் சூளைகள் காலாவதியானது இந்தக் காரணத்தால்தான், பழசானதால் அல்ல. குறை மெஷினின் பராமரிப்பில் இருக்கிறதா, பிறவியில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பராமரிப்பில் இருந்தால் பழையதைச் சரிசெய்த நிலையோடு ஒப்பிட வேண்டும். பிறவியில் இருந்தால் அந்த மிச்சம் முழுவதும் புதியதைச் சேரும்.

அரியலூர் ஆலையில் நடந்தது இன்னொரு வகை. அங்கே ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுள்ள பழைய ஆலையோடு 10 லட்சம் டன் திறனுள்ள புதிய பிரிவு சேர்ந்தது. அது பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைத்த கதையல்ல, விரிவாக்கம். விரிவாக்கத்தில் செலவு மிச்சம் மட்டுமல்ல, கூடுதலாக விற்கப்போகும் சரக்கின் வரவும், அதைக் கடனுக்கு விற்பதால் முடங்கும் பணமும், கூடுதல் கல்லும் கரியும் கணக்குக்குள் வரவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மிச்சத்தையும் விற்பனையையும் ஒரே தாளில் கூட்டி, எந்தப் பணம் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

நம் தீவன ஆலைக்குத் திரும்புவோம். புதிய மெஷின் 85 ஆயிரம் கீழே நிற்கிறது என்றோம். எப்போது மேலே வரும்? ஒவ்வொரு கூடுதல் டன்னிலும் மின்சாரத்தில் 40 ரூபாய் மிஞ்சுகிறது. அந்த 85 ஆயிரத்தை ஈடுகட்ட வருடத்துக்குச் சுமார் 840 டன் கூடுதலாக அரைக்க வேண்டும். அதாவது நாளைக்கு 10 டன்னுக்குப் பதில் கிட்டத்தட்ட 13 டன். பழைய மெஷினும் அந்த 13 டன்னை அரைக்கும் என்றால்தான் இந்தக் கணக்கு. அதனால் முடியாது என்றால், அரியலூர் ஆலைபோல இதுவும் விரிவாக்கக் கணக்காகிவிடும்; தாளை மாற்றுங்கள்.

13 டன் நிச்சயமா என்பது மெஷின் கேள்வி அல்ல, மக்காச்சோளக் கேள்வி. 2018-ல் படைப்புழு வந்து பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வயல்களைத் தின்றதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அரவைக்கு விவசாயிகள் கொண்டுவரும் சோளத்தை நம்பி நடத்தும் ஆலை என்றால், அப்படி ஒரு வருடம் 5 வருடத்துக்குள் வரும் என்று வைத்தே கணக்குப் போடுவேன். வெளியூரிலிருந்து லாரியில் சோளம் வாங்கி அரைப்பவருக்கு இந்தப் பயம் குறைவு. விலையின் பயம் கூடுதல்.

கேள்வி நேரத்தில் ஒரு நண்பர், "இந்த 0.2 சதவீதத் தூசிக் கணக்கை எப்படி நம்புவது?" என்று கேட்டார். நல்ல கேள்வி, ஏனென்றால் வடிகட்டி வாங்கும் முடிவே அதில்தான் தொங்குகிறது. உள்ளே போகும் எடைக்கும் வெளியே வரும் எடைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் தூசி அல்ல. அரைக்கும்போது சோளம் சூடாகி ஈரத்தை இழக்கும். 14 சதவீத ஈரத்தோடு போனது 13-ல் வெளியே வந்தால் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் எடை காணாமல் போயிருக்கும், ஒரு சிட்டிகை மாவுகூடப் பறக்காமலே. வடிகட்டியால் அந்த ஈரத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் எடையோடு ஈரமானியையும் வைத்து, சோளத்திலும் மாவிலும் ஒரே வேளையில் அளக்கவேண்டும். ஈரத்தைக் கழித்தபிறகு மிஞ்சுவதுதான் பறந்தது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கொட்டேஷன் வாங்குவதற்கு முன்னால், சுத்தித் தகட்டைத் திருப்பி மாட்டுங்கள். அதன்பிறகு ஒரு மாதம், உள்ளே போன எடை, வெளியே வந்த எடை, இரண்டின் ஈரம், மின் மீட்டரின் எண் ஆகியவற்றைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். மீதிக் கணக்கை உட்கார்ந்து போடுவோம்.